டாண்ணு ஏழு மணிக்கே வரும் பதிவு: நேரத்தைக் கொஞ்சம் கலைத்துப் போடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்கா ஏற்காட்டில் காப்பித்தூள் கடை வைத்திருக்கிறார். கடையின் பக்கத்தைச் சேலம் அஸ்தம்பட்டியில் இருந்தபடி நான் பார்த்துக்கொள்கிறேன். முந்தின நாள் சாயந்திரம் அக்கா படமும் இரண்டு வரியும் அனுப்பிவிடுவார். மறுநாள் காலையில் வீட்டு அலமாரியில் இருக்கும் சின்ன ராஸ்பெரி பை கணினி, தினமும் சில நிமிடம் முன்பின்னாக, அதைப் போட்டுவிடும். நான்கு கடைக்காரர்கள் இதே ஏற்பாட்டைக் கேட்டார்கள், அவர்களுக்கும் செய்து கொடுத்தேன். அவர்கள் கேட்டதையும் நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

நேரம் குறிச்சு வெச்சா தானா போயிடுது. அதுல எதுக்குத் தாமதம் வேற?

முதல் இரண்டு மாதம் நானும் அப்படித்தான் நினைத்தேன். தினமும் 7.00க்குப் பதிவு போனது. ஒரு நாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் கருத்தில் எழுதினார்: "அக்கா, டெய்லி டாண்ணு ஏழு மணிக்கு வருது. ஆள் போடுறீங்களா, மெஷின் போடுதா? மெசேஜ் பண்ணா யாராவது பாப்பீங்களா?"

அவர் கடைசியாகக் கேட்டதுதான் என்னை உறுத்தியது. அக்கா ஒவ்வொரு செய்தியையும் தானே படித்துப் பதில் போடுகிறவர். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள், கடை திறந்திருக்கிறதா, பீபெரி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு வந்தால்தான் இரு தரப்புக்கும் நல்லது. உள்ளே ஆள் இல்லை என்று நினைத்துவிட்டால் கேட்கவே மாட்டார்கள். எழுதுவதும் பதில் சொல்வதும் அக்காதான், பொத்தானை அழுத்துவது மட்டும்தான் கணினி. அந்த ஒரு சின்ன வேலை பக்கத்தின் முகத்தையே மாற்றிவிட்டிருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. முழு மணிக்கும் அரை மணிக்கும் நேரம் குறித்து வைப்பது எல்லோருக்கும் வழக்கம். அதனால் 7.00க்கு ஒரே நேரத்தில் நிறையப் பதிவுகள் வந்து விழும். 7.04க்கோ 7.11க்கோ போட்டால் அந்த நெரிசலில் மாட்ட வேண்டியதில்லை.

சரி, எவ்வளவு நிமிஷம் விடலாம்?

யாருடைய பக்கமோ அவரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மனதில் ஒரு எண்ணை நினைத்துப் போடாதீர்கள். நான் தானியங்கியை நிறுத்திவிட்டு, 24 நாள் அக்காவையே கைப்பட போடச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் பதிவு ஏறிய நேரத்தை நோட்டில் குறித்தேன்.

வார நாட்களில் மிகச் சீக்கிரம் 6.53, மிகத் தாமதம் 7.28. பெரும்பாலும் ஏழு மணியை ஒட்டியே இருந்தது. ஏழுக்கு முன்னால் போனால் ஐந்தாறு நிமிடம்தான் முன்னால் போகும், பின்னால் போனால் இருபது இருபத்தைந்து நிமிடம் கூடப் போகும். இது இயல்புதான். அடுப்பில் பால் இருக்கும், பால்காரர் வந்து நிற்பார், பனியில் சிக்னல் எடுக்காது. வேலை தள்ளிப் போக நூறு காரணம் இருக்கும், முந்திப் போகக் காரணம் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை கணக்கே வேறு. கூட்டம் காலையிலேயே மேலே ஏறிவிடும், கடை திறந்து ஒரு சுற்று வியாபாரம் பார்த்த பிறகுதான் அக்கா போனை எடுப்பார். பதிவு எட்டரையை ஒட்டிப் போகும். இந்த ஞாயிறு வித்தியாசத்தை விட்டுவிட்டால், மற்ற ஆறு நாளும் எவ்வளவு அழகாகக் கலைத்துப் போட்டாலும் பக்கம் கணினியைப் போலத்தான் தெரியும். எனவே வார நாளுக்கு ஒரு தொடக்க நேரம், ஞாயிறுக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள்.

0லிருந்து 30 நிமிஷத்துக்குள்ள ஏதோ ஒண்ணுன்னு குலுக்கிப் போட்டா ஆகாதா?

ஆகும், எதுவும் இல்லாததற்கு அது மேல். ஆனால் அப்படிக் குலுக்கினால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரே வாய்ப்பு. 7.00க்கு வருவதும் 7.29க்கு வருவதும் சமமாக நடக்கும், 7.30 தாண்டி ஒன்றுகூட வராது. ஒரு மாதப் பதிவை வரிசையாக வைத்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி நடுவே சமமாக இறைத்ததுபோல் இருக்கும். மனிதர் கை வைத்த நேரம் ஓரிடத்தில் குவிந்து, ஒரு பக்கம் வால் நீண்டிருக்கும்.

அதற்குப் பெரிய கணக்கு தேவையில்லை. பைத்தானில் `random.triangular` என்று ஒன்று இருக்கிறது. குறைந்த அளவு, அதிக அளவு, எங்கே குவிய வேண்டும் என்ற மூன்றையும் அதே வரிசையில் கொடுத்தால் போதும். அக்காவின் நோட்டுக்கு நான் வைத்தது இதுதான்:

```
import random
nodi = random.triangular(0, 2400, 600)
```

தொடக்கம் 6.50. அதிலிருந்து 0 முதல் 2400 நொடி, அதாவது 40 நிமிடம் வரை தாமதம். குவிவது 600 நொடியில், அதாவது 7.00இல். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஐந்தில் மூன்று நாள் பதிவு 6.55க்கும் 7.10க்கும் இடையில் வரும். 7.20ஐத் தாண்டுவது பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை. நோட்டில் இருந்ததும் ஏறக்குறைய இப்படித்தான்.

தாமதம் எப்போதும் பின்னோக்கியே தள்ளும் என்பதை மறக்காதீர்கள். 7.00ஐத் தொடக்கமாக வைத்துத் தாமதம் சேர்த்தால் பதிவு ஒரு நாளும் ஏழுக்கு முன்னால் வராது. அதனால்தான் தொடக்கத்தை 6.50க்கு இழுத்துவிட்டு அங்கிருந்து தள்ளுகிறேன்.

கிரான்ல ஸ்லீப் போட்டேன். முதல்ல பதிவே போகல. சரி பண்ணினா மறுபடியும் டாண்ணு அதே நேரத்துக்குப் போகுது.

கிரான் என்பது குறித்த நேரத்துக்குக் கட்டளையை ஓட்டிவிடும் லினக்ஸ் வசதி, ஸ்லீப் என்பது சில நொடி சும்மா காத்திருக்கச் சொல்லும் கட்டளை. இங்கே இரண்டு தனித்தனிப் பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டியிருக்கின்றன. என்னையும் இரண்டும் பிடித்தன, ஒரு வாரம் போயிற்று. பெரும்பாலானவர்கள் எழுதுவது இப்படி:

```
50 6 * * * sleep $((RANDOM % 1500)); /home/kaapi/podu.sh
```

முதல் பிழை அந்த விழுக்காட்டுக் குறியில் இருக்கிறது. கிரான்டேப் வரியில் அந்தக் குறிக்கு வேறு பொருள்: கட்டளை அங்கேயே முடிந்தது, மீதி எல்லாம் அதற்கு உள்ளீடு என்று எடுத்துக்கொள்ளும். பாதியில் அறுந்த கட்டளை பிழை காட்டி நின்றுவிடும், பதிவு போகாது. குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போட்டால் இது தீரும்.

இரண்டாவது பிழை சத்தமே இல்லாமல் நடக்கும். `RANDOM` என்பது பாஷ் ஷெல்லில் இருக்கும் வசதி. கிரான் வழக்கமாகக் கூப்பிடுவது `/bin/sh`. டெபியன், உபுண்டு, ராஸ்பெரி பை மூன்றிலும் அது டாஷ் என்ற வேறு ஷெல், அதில் `RANDOM` கிடையாது. இல்லாத மாறியை அது பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பூஜ்யம் நொடி தூங்கிவிட்டு உடனே பதிவு போடும். பிழைச் செய்தி எதுவும் வராது. டெர்மினலில் நீங்கள் தட்டிப் பார்க்கும்போது பாஷ் ஓடுவதால் நன்றாகவே வேலை செய்யும், அதனால் சந்தேகமும் வராது. சரியான வடிவம்:

```
SHELL=/bin/bash
50 6 * * * sleep $((RANDOM \% 1500)); /home/kaapi/podu.sh
```

வாடகை சர்வரில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள். அங்கே கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அந்த சர்வரில் 6.50 என்று எழுதினால் இங்கே பகல் 12.20க்குத்தான் காலை வணக்கம் போகும். `date` என்று தட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நிமிஷம் தினமும் மாறுது. ஆனாலும் ஏதோ மெஷின் வாடை அடிக்குதுன்னு தம்பி சொல்றான்.

உங்கள் தம்பி நொடியைப் பார்த்திருக்கலாம். திரையில் பதிவின் மேல் மணியும் நிமிடமும்தான் தெரியும். ஆனால் பக்கத்தின் தரவை ஏபிஐ வழியாக, அதாவது நிரல்கள் தளத்தோடு பேசுவதற்கென்று வைத்திருக்கும் வாசல் வழியாக எடுத்தால் `created_time` என்ற இடத்தில் நொடியும் இருக்கும். நான் எடுத்த முதல் பட்டியலில் நான்கு வரி இதோ:

```
07:04:03
06:58:03
07:19:03
07:07:04
```

நிமிடம் நன்றாகக் கலைந்திருக்கிறது. நொடி மட்டும் மூன்று, மூன்று, மூன்று, நான்கு. தாமதத்தை முழு நிமிடமாகக் குலுக்கி அறுபதால் பெருக்கியிருந்தேன். கிரான் எப்போதும் நிமிடத்தின் முதல் நொடியில் எழும், அதன்பிறகு பதிவு ஏற மூன்று நொடி ஆகும். அந்த மூன்று அப்படியே எல்லாப் பதிவிலும் ஒட்டிக்கொண்டது. தாமதத்தை நொடியிலேயே குலுக்குங்கள், தீர்ந்தது.

வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேருகிறவர்களும் உண்டு. நேரத்தை நொடிவரை சரியாகக் கணக்குப் போட்டுவிட்டு, "நேரம் வந்துவிட்டதா" என்று ஒவ்வொரு நிமிடமும் கிரான் மூலம் எட்டிப் பார்க்க வைப்பார்கள். எட்டிப் பார்ப்பது நிமிடத்தின் தொடக்கத்தில் என்பதால் பதிவும் அங்கேயே விழும், கஷ்டப்பட்டுக் குலுக்கிய நொடி வீணாகும். எட்டிப் பார்த்த பிறகு மிச்ச நொடிக்குத் தூங்கிவிட்டுத்தான் போட வேண்டும்.

கிரான் வேணாம், systemd டைமர்லயே இதுக்கு வசதி இருக்காமே?

இருக்கிறது, கிரானைவிடச் சுத்தமாகவும் இருக்கிறது:

```
[Timer]
OnCalendar=*-*-* 06:50:00 Asia/Kolkata
RandomizedDelaySec=30min
AccuracySec=1us
```

நேர மண்டலத்தை வரியிலேயே எழுதிவிடலாம் என்பதால் அந்த ஐந்தரை மணிக் குழப்பம் இல்லை. `AccuracySec` வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதை எழுதாவிட்டால் ஒரு நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். கணினியை அடிக்கடி எழுப்பாமல் இருக்க, பல டைமர்களை அந்த ஒரு நிமிடத்துக்குள் ஒரே புள்ளியில் சேர்த்து எழுப்பும் வழக்கம் அதற்கு உண்டு. அந்தப் புள்ளி ஒரே கணினியில் மாறாமல் இருப்பது. ஆக, முந்தின கேள்வியில் சொன்ன ஒட்டிக்கொண்ட நொடி இங்கேயும் வந்துவிடும்.

இது தரும் தாமதம் சமமாக இறைக்கும் வகைதான். ஓரிடத்தில் குவிய வேண்டுமென்றால் நிரலுக்குள்தான் செய்ய வேண்டும்.

ஆரம்பத்துல 7 மணிக்குப் போச்சு. ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா ஒன்பதரைக்குப் போகுது. யார் மாத்தினாங்க?

யாரும் மாற்றவில்லை. நேற்றுப் போன நேரத்தோடு 24 மணி நேரத்தைக் கூட்டி, அதன்மேல் தாமதம் சேர்த்திருப்பீர்கள். ஒவ்வொரு நாளும் சராசரி ஐந்து நிமிடம் தாமதம் என்றால், நாளைய கணக்கு அந்த ஐந்து நிமிடம் தள்ளிய இடத்திலிருந்து தொடங்கும். முப்பது நாளில் 150 நிமிடம், ஏழு மணி ஒன்பதரை ஆகிவிடும்.

தாமதத்தை முன்னும் பின்னுமாக பத்து நிமிடம் வைத்தால் தீருமா என்று ஒரு நண்பர் கேட்டார். தீராது. ஒரே திசையில் ஓடாதே தவிர அலையும். முன்னுக்கு இரண்டு நாள், பின்னுக்கு மூன்று நாள் என்று சேர்ந்து சேர்ந்து, ஒரு மாத முடிவில் அரை மணி நேரம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகியிருப்பது சாதாரணம். தொடக்கத்தை எப்போதும் கடிகாரத்திலிருந்து எடுங்கள். இன்றைய 6.50 வேறு, நேற்று எத்தனை மணிக்குப் போனது என்பது வேறு. அக்காவும் நேற்று தாமதமாகப் போட்டார் என்பதற்காக இன்று தாமதமாக எழுவதில்லை.

தூங்கிட்டிருக்கும்போது கரண்ட் போயிடுச்சுன்னா?

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், பலன் கொடுத்ததும் இதுதான். ஸ்லீப்பில் இருக்கும்போது மின்சாரம் போனால் அன்றைய பதிவு காணாமல் போகும். மின்சாரம் வந்ததும் மறுபடி ஓடச் செய்தால் புதிதாக ஒரு தாமதத்தைக் குலுக்கும், சில நாள் இரண்டு முறை பதிவு போகும். எங்கள் தெருவில் ஒரே காலையில் மூன்று முறை மின்சாரம் போய் வந்தபோது, ஒரே காப்பிக்கொட்டைப் படம் இரண்டு தடவை ஏறியது.

தீர்வு, தாமதத்தைத் தேதியிலிருந்தே பிறக்க வைப்பது. குலுக்கலுக்குத் தேதியை விதையாகக் கொடுத்தால், அந்தத் தேதிக்கு எத்தனை முறை கேட்டாலும் ஒரே விடைதான் வரும். நாளைய தேதிக்கு வேறு விடை.

```
from datetime import datetime, timedelta
from zoneinfo import ZoneInfo
import random

def neram(naal):
    r = random.Random("kaapi" + naal.isoformat())
    adi = datetime(naal.year, naal.month, naal.day, 6, 50,
                   tzinfo=ZoneInfo("Asia/Kolkata"))
    return adi + timedelta(seconds=r.triangular(0, 2400, 600))
```

ஞாயிறென்றால் 6.50க்குப் பதில் 8.20 என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். "kaapi" என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் மாற வேண்டும். நான்கு கடைக்கும் ஒரே சொல்லை வைத்தால் நான்கும் ஒரே நொடியில் பதிவு போடும்.

இப்படிச் செய்தால் அடுத்த வாரம் எந்தெந்த நேரத்துக்குப் போகும் என்று இன்றைக்கே பட்டியல் எடுத்து அக்காவிடம் காட்டலாம். "வியாழன் 7.22ன்னு இருக்கு, அன்னைக்கு நான் கீழ சேலத்துக்கு வரணும், சீக்கிரம் போட்டுரு தம்பி" என்று அவர் சொல்ல முடிகிறது.

மீதி வேலை எளிது. 6.45க்கும் கணினி எழும்போதும் நிரலை ஓட விடுகிறேன். பதிவு போனதும் அன்றைய தேதியை ஒரு கோப்பில் எழுதிவிடும், தேதி ஏற்கெனவே இருந்தால் ஒன்றும் செய்யாமல் வெளியேறும். இரண்டு பிரதிகள் ஒரே நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்து இரண்டும் போட்டுவிடாமல் இருக்க ஒரு பூட்டு:

```
45 6 * * * flock -n /tmp/kaapi.lock python3 /home/kaapi/podu.py
@reboot    flock -n /tmp/kaapi.lock python3 /home/kaapi/podu.py
```

குறித்த நேரம் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் கணினி எழுந்தால் உடனே போடலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் அன்றைக்கு விட்டுவிடும்படி எழுதியிருக்கிறேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வரும் காலை வணக்கத்தைவிட ஒரு நாள் பதிவு இல்லாமல் இருப்பதே மனிதத்தன்மையாக இருக்கும்.

ராஸ்பெரி பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய மாடல்களில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. மின்சாரம் வந்ததும், இணையத்தில் சரியான நேரம் கேட்டு வாங்கும் வரை, பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். எழுந்தவுடன் தேதியை நம்பி ஓடினால் நேற்றைய பதிவு என்று நினைத்து வெளியேறிவிடும். நேரம் சரியாகும் வரை நிரலைக் காத்திருக்கச் செய்யுங்கள்.

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டெலிகிராம் மூணுக்கும் தனித்தனியாக் குலுக்கணுமா?

தனித்தனியாக நாற்பது நிமிடத்துக்குக் குலுக்கினால் ஒரு நாள் டெலிகிராம் முதலில், ஒரு நாள் கடைசியில் என்று வரிசை மாறும். அக்கா கையால் போட்டபோது வரிசை மாறியதே இல்லை. முதலில் இன்ஸ்டாகிராம், பிறகு ஃபேஸ்புக், கடைசியில் டெலிகிராம். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக ஒன்று முதல் நான்கு நிமிடம் ஆகும். அதனால் முதல் நேரத்தை மட்டும் குலுக்கிவிட்டு, மற்றவற்றுக்கு முந்தினதிலிருந்து 60 முதல் 240 நொடி இடைவெளியைக் குலுக்குகிறேன். மூன்றும் ஒரே நொடியில் விழுந்தால் அதுதான் எல்லாவற்றையும்விட அப்பட்டமாகத் தெரியும்.

ஃபேஸ்புக்கின் உள்ளேயே நேரம் குறித்துவிடுகிறவர்கள், ஏபிஐ வழியாக `scheduled_publish_time` கொடுக்கும்போது குறைந்தது பத்து நிமிடம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். முந்தின இரவே கணக்கிட்டுக் கொடுத்துவிட்டால், காலையில் வீட்டில் மின்சாரம் போனாலும் கவலை இல்லை.

ஒரே பக்கத்தில் ஒரு நாளில் இரண்டு பதிவு என்றால், இரண்டின் கலைப்பும் ஒன்றை ஒன்று தொடாமல் பாருங்கள். 11.30க்கும் 12.00க்கும் குறித்துவிட்டு, இரண்டுக்கும் நாற்பது நிமிடம் தாமதம் விட்டால், சில நாள் பின்னது முன்னால் வந்துவிடும்.

எல்லாப் பதிவுக்கும் இப்படி வெச்சுடலாமா?

கூடாது. நேரமே செய்தியாக இருக்கும் பதிவில் ஒரு நொடிகூடத் தாமதம் சேர்க்கக் கூடாது. மலைப்பாதையில் மண் சரிந்து வண்டியை நிறுத்திவிட்டார்கள் என்றால் அது கைக்கு வந்த கணமே போக வேண்டும். அந்தப் பதிவுகள் நிரல் பக்கமே போகாதபடி, அக்கா போனிலிருந்து நேரடியாகப் போடும் வழக்கத்தை வைத்திருக்கிறோம். "எட்டு மணிக்கு விற்பனை தொடக்கம்" என்றால் எட்டு மணிதான்.

நடுவே ஒரு வகை உண்டு: மழை அளவு மாதிரி. நம் வானிலைக் கணக்கில் ஒரு நாள் மழை என்பது காலை 8.30 வரையிலான 24 மணி நேரம். அந்த அளவை 8.40க்குப் போட்டாலும் 9.10க்குப் போட்டாலும் எண் மாறாது. ஆனால் "காலை 8.30 வரை" என்று வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். "இப்போது வரை" என்று எழுதிவிட்டு அரை மணி நேரம் தாமதித்தால் அது பொய்யாகிவிடும்.

முந்தின நாள் எழுதி வைத்த பதிவில் "இப்போ பாருங்க, பனி இறங்குது" என்று எழுதுவதையும் இதே காரணத்துக்காக நிறுத்தினோம். ஏற்காட்டில் பனி பத்து நிமிடத்தில் மாறும். ஏழு மணிப் பதிவைப் படித்துவிட்டு ஒருவர் வெளியே பார்த்தால் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும். "நேத்து சாயங்காலம் எடுத்தது" என்று எழுதினால் யாரும் குறை சொல்வதில்லை.

இப்படிப் பண்ணினா கம்பெனிக்காரனுக்குத் தானியங்கின்னு தெரியாம இருக்குமா? நாங்க அஞ்சு கணக்குல ஒரே விளம்பரத்தைப் போடணும்.

தெரியும். ஏபிஐ வழியாக ஏறும் ஒவ்வொரு பதிவும் எந்தச் செயலியின் சாவியைக் கொண்டு ஏறியது என்பது அவர்கள் பக்கம் இருக்கும். நேரத்தைக் கலைப்பது படிப்பவரின் கண்ணுக்காக, தளத்திடமிருந்து எதையும் மறைக்க அதனால் முடியாது. அனுமதித்த வழியில், அனுமதித்த எண்ணிக்கைக்குள் போடுகிறவருக்கு மறைக்க வேண்டிய தேவையும் இல்லை.

ஐந்து கணக்கு விஷயத்துக்கு நான் உதவ மாட்டேன். ஒரே ஆள் ஐந்து பேர் மாதிரி நடிப்பதற்கு நேரத்தைக் கலைப்பது வாசகரை ஏமாற்றுவது, கண்டுபிடித்தால் ஐந்தும் முடங்கும். அக்காவின் பக்கத்தில் உண்மையாகவே அக்கா இருக்கிறார், அவர் பழக்கத்தைத்தான் நேரம் பின்பற்றுகிறது. ஆளே இல்லாமல் ஓடும் பக்கம் என்றால், உதாரணமாக மழை அளவை மட்டும் தானாக எடுத்துப் போடும் கணக்கு என்றால், தானியங்கி என்று வெளிப்படையாகக் குறித்துவிடுங்கள். மாஸ்டடானில் அதற்கென்றே கணக்கு அமைப்பில் ஒரு பெட்டி இருக்கிறது. அப்படிப்பட்ட கணக்கு டாண்ணு வருவதுதான் படிப்பவருக்கு வசதி, அங்கே கலைக்கவே வேண்டாம்.

ஒழுங்கா வேலை செய்யுதான்னு எப்படிப் பாக்கறது?

முப்பது நாள் ஓடவிட்டு, பதிவு ஏறிய நேரங்களை ஒரு தாளில் எடுங்கள். நிரல் குறித்த நேரத்தை எடுக்காதீர்கள், பக்கத்தில் உண்மையில் ஏறிய நேரம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில்தான் பிழை ஒளிந்திருக்கும்.

முதலில் நொடியை மட்டும் பாருங்கள். 0 முதல் 59 வரை சிதறியிருக்க வேண்டும். முப்பதில் ஆறேழு ஒரே எண்ணில் நின்றால், எங்கோ முழு நிமிடமாகக் குலுக்குகிறது. அடுத்து மிகச் சீக்கிரமானதையும் மிகத் தாமதமானதையும் உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு மாதத்தின் முதல் பத்து நாள் சராசரியையும் கடைசிப் பத்து நாள் சராசரியையும் பாருங்கள். வார நாளுக்கு இரண்டும் ஏழு நிமிடத்தை ஒட்டி, அதாவது 7.07 பக்கம் இருந்தால் நல்லது. கடைசிப் பத்து நாள் ஒரே திசையில் விலகி 7.40, 8.00 என்று போனால் நேற்றைய நேரத்தின்மேல் கூட்டும் பிழைதான்.

எங்கள் பட்டியலில் ஒரு மாதத்துக்குப் பிறகு மிகச் சீக்கிரம் 6:52:41, மிகத் தாமதம் 7:26:18. பட்டியலை அக்காவிடம் காட்டினேன். ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டு, 7.26 இருந்த நாளில் விரல் வைத்து, "அன்னைக்குப் பால்காரர் லேட்டுல்ல?" என்று கேட்டார்.